அக்ரிகோலா: முதல் 5 சுற்றுகளில் எதை இப்போதே எடுப்பது, எதை விட்டுவைப்பது

கேள்வி: "அக்ரிகோலா நானும் தம்பியும் ரெண்டு பேரா ஆடுறோம். பெரும்பாலும் நான்தான் முதல்ல ஆரம்பிக்கிறேன். மரம் நிறைய சேர்த்துடுறேன், ஆனா நான் அறை கட்டுறதுக்குள்ள அவன் கட்டி, குழந்தையும் பெத்துக்கிறான். முதல் ரவுண்டுல எதுல ஆளை வைக்கணும்? அந்த முதல் ஆட்டக்காரர் டோக்கனுக்காக ஒரு ஆளைச் செலவு பண்றது வொர்த்தா?"

அக்ரிகோலா 14 சுற்றுகள் ஓடும் பண்ணைப் பலகை விளையாட்டு. ஒவ்வொருவரும் இரண்டு ஆட்களோடு தொடங்கி, மாறி மாறி ஒரு கட்டத்தில் ஒரு ஆளை வைப்பார்கள், அதுதான் ஒரு ஆக்‌ஷன். ஒருவர் உட்கார்ந்த கட்டம் அந்தச் சுற்றில் மற்றவருக்குக் கிடையாது. மரத்தை முதலில் எடுப்பது சரிதான். நீங்கள் தோற்பது நாணலில், அதற்கடுத்து 3-ஆம் சுற்றின் கடைசி ஆள் எங்கே போகிறது என்பதில். டோக்கனைப் பொறுத்தவரை, அதன் விலை ஒரு ஆக்‌ஷன். இரண்டு பேர் ஆடும்போது அது திருப்பித் தருவதும் ஏறத்தாழ ஒரு ஆக்‌ஷன்தான். அதனால் எடுக்கலாமா கூடாதா என்று ஒரே விடை கிடையாது. எந்தச் சுற்றில், எந்த இடத்தில் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது லாபமாகவோ வீணாகவோ மாறும். அட்டைகளால் வரும் மாற்றங்களைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் பலகையில் எல்லாருக்கும் பொதுவாக இருப்பதை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவோம்.

இரண்டு பேர் ஆடும்போது கூடுதல் கட்டங்கள் எதுவும் வைக்கப்படுவதில்லை. காட்டில் ஒவ்வொரு சுற்றும் 3 மரம் சேர்கிறது. களிமண் குழியில் 1 களிமண், நாணல் கரையில் 1 நாணல், மீன்பிடிக் கட்டத்தில் 1 உணவு. எடுக்காமல் விட்டால் இவை குவிந்துகொண்டே போகும். உழுவது, தானியம் எடுப்பது, தொழில் அட்டை இறக்குவது, கூலி வேலைக்குப் போய் 2 உணவு வாங்குவது ஆகிய கட்டங்கள் குவிவதில்லை. இன்று என்ன தருமோ அதையேதான் பத்தாவது சுற்றிலும் தரும். மரவீட்டில் ஒரு அறைக்கு 5 மரமும் 2 நாணலும் வேண்டும். குடும்பம் பெருக்கும் அட்டை 5, 6, 7 ஆகிய மூன்று சுற்றுகளில் ஒன்றில் திறக்கும். எதில் என்று யாருக்கும் தெரியாது. மூன்றுக்கும் சம வாய்ப்பு.

இப்போது 4-ஆம் சுற்று வரை மொத்த வரவைப் பாருங்கள்: 12 மரம், 4 நாணல். இருவரும் ஆளுக்கு ஒரு அறை கட்ட வேண்டுமானால் 10 மரமும் 4 நாணலும் போகும். மரத்தில் 2 மிச்சம் இருக்கிறது. நாணலில் ஒன்றுகூட மிச்சம் இல்லை. ஒருவர் மூன்றாவது நாணலை எடுத்துவிட்டால், மற்றவருக்கு 4-ஆம் சுற்றுக்குள் அறை என்பது கிடையாது. காட்டில் 3 மரக்கட்டைகள் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதும், கரையில் ஒற்றை நாணல் அற்பமாகத் தெரிவதும்தான் பலரும் சறுக்கும் இடம். உங்களிடம் 9 மரமும் 1 நாணலும் இருந்தால் 4 மரம் சும்மா கிடக்கிறது என்று அர்த்தம். அந்த 3 மரத்துக்குச் செலவான ஆள் நாணல் கரைக்குப் போயிருந்தால் அறை எழும்பியிருக்கும்.

ஆளை வைக்கும்போது "இந்தக் கட்டம் எவ்வளவு தரும்" என்று கேட்பதைவிட, "என் அடுத்த முறை வரும்போது இதில் என்ன மிச்சம் இருக்கும்" என்று கேளுங்கள். இப்போது கிடைப்பதற்கும் அப்போது கிடைப்பதற்கும் எங்கே வித்தியாசம் அதிகமோ அங்கேதான் முதல் ஆள் போக வேண்டும். முதல் சுற்றில் நீங்கள் உழவில் ஆளை வைத்தால் ஒரு வயல் கிடைக்கும். வைக்காவிட்டாலும் அடுத்த சுற்றில் அதே வயல் அங்கேயே இருக்கும். தம்பி இந்தச் சுற்றில் அதில் உட்கார்ந்தாலும் உங்களுக்கு இழப்பு ஒரு சுற்றுத் தாமதம் மட்டும்தான். காட்டை விட்டால் அப்படி இல்லை. அவர் 3 மரத்தையும் எடுத்துவிடுவார், அது திரும்பி வராது. அதனால் முதலில் ஆடுபவருக்கு முதல் சுற்றின் முதல் ஆள் காட்டுக்குப் போவது ஏறக்குறைய உறுதி. "விட்டுவைத்தால் அடுத்த சுற்றில் 6 ஆகுமே" என்ற ஆசை இரண்டு பேர் ஆட்டத்தில் பலிப்பது அரிது, ஏனென்றால் எதிரே இருப்பவருக்கும் அதே மரம் வேண்டும்.

உங்கள் ஆட்டத்தை அப்படியே சுற்றுச் சுற்றாகப் போட்டுப் பார்ப்போம். முதலில் ஆடுபவராக உங்களிடம் 2 உணவு, தம்பியிடம் 3 உணவு.

முதல் சுற்றில் நீங்கள் காட்டுக்குப் போகிறீர்கள், 3 மரம். தம்பி உடனே நாணலை எடுக்கிறார். இது பேராசை இல்லை, அவருக்கு வேறு வழி கிடையாது. அவர் இதை விட்டால் உங்கள் இரண்டாவது ஆள் நாணலுக்குப் போகும். அடுத்த சுற்றிலும் அவர் அப்படியே விட்டால், இரண்டே சுற்றில் உங்கள் கையில் 6 மரமும் 2 நாணலும் சேர்ந்துவிடும், 3-ஆம் சுற்றின் முதல் ஆளே அறை கட்டிவிடும். இரண்டாம் சுற்றிலும் இதே கதை: உங்களுக்கு இன்னும் 3 மரம், அவருக்கு இன்னொரு நாணல். ஆக உங்களிடம் 6 மரம், அவரிடம் 2 நாணல். இருவர் கையிலும் பாதி பாதி அறை.

மூன்றாம் சுற்றில் காட்டில் 3 மரம், கரையில் 1 நாணல். இங்கே நீங்கள் மறுபடி காட்டுக்குப் போனால் 9 மரம் ஆகும், நாணலை அவர் எடுத்துவிட்டால் உங்கள் கதை முடிந்தது. அவருக்கு மூன்றாவது நாணல் அவசரமில்லை என்றாலும், உங்களைத் தடுக்க அது போதும். எனவே நாணலை நீங்கள் எடுக்க வேண்டும். அவர் காட்டுக்குப் போவார். உங்களிடம் 6 மரம், 1 நாணல். அவரிடம் 3 மரம், 2 நாணல். இருவரிடமும் இந்தச் சுற்றில் இன்னும் ஒரு ஆள் மிச்சம்.

எல்லாமே இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது. டோக்கன் உங்களிடமே இருந்தால் நான்காம் சுற்று இப்படி ஓடும்: நீங்கள் நாணல், அவர் காடு, நீங்கள் அறை. அவருடைய கடைசி ஆளுக்கு அறை கட்டும் கட்டம் காலியாக இருக்காது, அவர் 5-ஆம் சுற்றில்தான் கட்ட முடியும். ஆனால் அவர் மூன்றாம் சுற்றின் கடைசி ஆளை டோக்கன் கட்டத்தில் வைத்துவிட்டால், நான்காம் சுற்றை அவர் தொடங்குவார். முதல் ஆளைக் காட்டுக்கு அனுப்பி 6 மரம், 2 நாணல் ஆக்கிக்கொள்வார். நீங்கள் நாணலை எடுத்து அதே 6 மரம், 2 நாணலுக்கு வருவீர்கள். அடுத்த முறை அவருடையது. அறையை அவர் கட்டுவார். இருவர் கையிலும் ஒரே பொருள்கள்தான், முறை மாறியதால் மட்டுமே அவர் ஒரு சுற்று முந்துகிறார். நீங்கள் சொல்லும் "நான் கட்டுறதுக்குள்ள அவன் கட்டிடுறான்" என்பது பெரும்பாலும் இந்த ஒரே ஒரு ஆளால் நடக்கிறது.

இதைத் தடுக்க மூன்றாம் சுற்றில் உங்கள் இரண்டாவது ஆளை நீங்களே டோக்கன் கட்டத்தில் வைக்கலாம். டோக்கன் ஏற்கெனவே உங்களிடம் இருந்தாலும் அப்படி வைக்க விதியில் தடையில்லை. அக்ரிகோலாவில் டோக்கன் தானாகச் சுழல்வதில்லை. யாராவது எடுக்கும் வரை ஒருவரிடமே இருக்கும். எனவே அந்தக் கட்டத்தில் உட்கார்ந்துவிட்டால் நான்காம் சுற்றும் உங்களுடையதுதான். ஆனால் அது லாபமா என்பதில் நான் தயங்குவேன். நீங்கள் ஒரு முழு ஆக்‌ஷனைக் கொடுக்கிறீர்கள். கிடைப்பது, அறை ஒரு சுற்று முன்னதாக. மரவீட்டில் அறைக்குத் தனியாகப் புள்ளி கிடையாது. குழந்தை வந்தால்தான் அது பயன்படும். 5-ஆம் சுற்றில் குடும்ப அட்டை திறக்க வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான். அது 6-இலோ 7-இலோ திறந்தால், 4-ஆம் சுற்றில் கட்டியவரும் 5-ஆம் சுற்றில் கட்டியவரும் ஒரே நிலையில்தான் இருப்பார்கள்.

அப்படியே 5-இல் திறந்து தம்பி முதலில் எடுத்தாலும், நீங்கள் 6-ஆம் சுற்றில் எடுக்கலாம். அவர் உடனே மறுபடி உங்களை அங்கே தடுக்க முடியாது, ஏனென்றால் அடுத்த குழந்தைக்கு அவருக்கு இன்னொரு அறை வேண்டும். ஆக நீங்கள் இழப்பது ஒரு சுற்றில் ஒரு ஆளின் வேலை, அதாவது ஒரே ஒரு ஆக்‌ஷன். சாப்பாட்டுக் கணக்கிலும் மாற்றமில்லை. 5-இல் பிறந்தாலும் 6-இல் பிறந்தாலும் 7-ஆம் சுற்று அறுவடையில் அந்தப் பிள்ளைக்கு 2 உணவு. ஒரு ஆக்‌ஷனை இழக்க மூன்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்பதற்காக, ஒரு ஆக்‌ஷனை உறுதியாக இழப்பது நல்ல பேரம் இல்லை. அந்தக் கட்டத்தில் இறக்குவதற்கு உங்கள் கையில் நல்ல சிறு மேம்பாட்டு அட்டை இருந்தால் கணக்கு மாறும். அப்போது டோக்கன் இலவச இணைப்பாகிவிடுகிறது, தயங்காமல் வையுங்கள். அட்டை இல்லாமல் வெறும் முறைக்காக வைப்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

இன்னொரு வழி இதைவிட மலிவானது. மூன்றாம் சுற்றில் அவர் டோக்கனை எடுத்துக்கொள்ளட்டும், அந்த ஆக்‌ஷனின் விலையை அவரே கொடுக்கட்டும். நீங்கள் அந்த ஆளைக் கூலி வேலைக்கோ களிமண்ணுக்கோ அனுப்புங்கள். நான்காம் சுற்றில் வரிசை அவர், நீங்கள், அவர், நீங்கள் என்று போகும். கடைசி ஆள் உங்களுடையது. அந்தக் கடைசி ஆளை டோக்கன் கட்டத்தில் வைத்தால் அவரால் அந்தச் சுற்றில் பதில் சொல்ல முடியாது. 5-ஆம் சுற்றை நீங்கள் தொடங்கி, முதல் ஆளாலேயே அறை கட்டுகிறீர்கள். குடும்ப அட்டை 5-இல் திறந்திருந்தால் அவர் எடுத்துக்கொள்வார், அது அந்த மூன்றில் ஒரு பங்குக் கெட்ட நேரம். திறக்காவிட்டால் 6-ஆம் சுற்றில் இருவரிடமும் அறை இருக்கும். அவர் 5-ஆம் சுற்றின் கடைசி ஆளைக் கொடுத்து டோக்கனைத் திரும்ப வாங்கவில்லை என்றால் முறை உங்களுடையது. வாங்கினால் அதற்கும் அவர் ஒரு ஆக்‌ஷன் கொடுத்திருப்பார்.

இதிலிருந்து ஒரு பொதுவான உண்மை தெரிகிறது. இருவரிடமும் சம எண்ணிக்கையில் ஆட்கள் இருக்கும்போது, டோக்கன் இல்லாதவருக்குத்தான் சுற்றின் கடைசி ஆள். ஆகவே டோக்கனை எடுக்கச் சரியான நேரம் சுற்றின் கடைசி ஆள்தான். முதல் ஆளால் அதை எடுப்பது பெரும்பாலும் தவறு: காடு, நாணல் இரண்டையும் எதிராளிக்கு விட்டுக்கொடுத்து, கடைசியில் கிடைக்கக்கூடியதை முதலிலேயே வாங்குகிறீர்கள். விதிவிலக்கு ஒன்று உண்டு. எதிராளியிடம் உங்களைவிட ஒரு ஆள் கூடுதலாக இருந்தால் கடைசி ஆள் எப்போதும் அவருடையது, யார் தொடங்கினாலும். அப்போது அவர் தொடக்கத்தையும் முடிவையும் ஒருசேரக் கட்டுப்படுத்துவார். முதல் குழந்தை முந்துவதன் மறைமுக லாபம் இதுதான். புள்ளிக் கணக்கில் தெரியாது, ஆனால் 7, 8-ஆம் சுற்றுகளில் நன்றாகவே உறைக்கும்.

அந்த மூன்றாவது ஆளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது எப்போதும் மிச்சத்தில்தான் உட்காரும். மரமும் நாணலும் போன பிறகு, உழவு, தானியம், தொழில் அட்டை, கூலி வேலை இவற்றில் ஒன்று. அதனால் அதன் மதிப்பை உங்கள் முதல் ஆளின் மதிப்பாக எண்ணக் கூடாது. கூலி வேலையின் 2 உணவை அடிமட்ட அளவாக வைத்துக்கொள்ளுங்கள். 5-ஆம் சுற்றில் பிறந்த பிள்ளை 6 முதல் 14 வரை 9 முறை வேலை செய்யும். 7, 9, 11, 13, 14 ஆகிய ஐந்து சுற்றுகளின் அறுவடைகளில் 2 வீதம் 10 உணவு சாப்பிடும். மோசமான இடங்களில் மட்டுமே உட்கார்ந்தாலும் சாப்பாட்டைத் தானே சம்பாதித்து, அதற்கு மேலும் கொடுத்து, முடிவில் 3 புள்ளியும் தரும்.

ஆனால் அதைப் பெற நீங்கள் போட்ட முதலையும் எண்ண வேண்டும். மேலே ஆடிய வரிசையில் காடு இரண்டு முறை, நாணல் இரண்டு முறை, அறை ஒன்று, பெருக்கம் ஒன்று, ஆக மொத்தம் 6 ஆக்‌ஷன். 5-இல் பிறந்தால் 9 திரும்பி வரும், 7-இல் பிறந்தால் 7. 9-ஆம் சுற்றில்தான் முடிந்தது என்றால் 5-தான் வரும். அதாவது 8-ஆம் சுற்றோடு ஆக்‌ஷன் கணக்கில் லாபம் நின்றுவிடுகிறது. அதன் பிறகு குழந்தையை 3 புள்ளிக்காகத்தான் பெறுகிறீர்கள். அதுவும் வேண்டியதுதான், ஆனால் அதற்காக வயல், வேலி எல்லாவற்றையும் நிறுத்திவைக்கக் கூடாது. அறை இல்லாமலே பெருக்க விடும் அட்டை 12-இலோ 13-இலோ வரும். அதில் திருப்பிக் கிடைப்பது இரண்டு ஆக்‌ஷனோ ஒன்றோதான், சாப்பாடு 4 அல்லது 3 உணவு. 3 புள்ளிக்கு அது நியாயமான விலை, அவ்வளவே.

இரண்டு அறைகளை ஒரே ஆக்‌ஷனில் கட்டினால் ஒரு ஆக்‌ஷன் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் அதற்கு 10 மரமும் 4 நாணலும் வேண்டும். இரண்டு பேர் ஆட்டத்தில் 5-ஆம் சுற்று வரை பலகையில் வருவதே 15 மரமும் 5 நாணலும்தான். எதிராளி தூங்கினால் ஒழிய அது நடக்காது. நீங்கள் மரம் "நிறைய" சேர்ப்பதற்கு இந்த எண்ணம்தான் காரணம் என்றால், விட்டுவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம், ஏனென்றால் நல்ல தொடக்கம் பெரும்பாலும் 4-ஆம் சுற்றில் அல்ல, 7-இல்தான் உடைகிறது. முதல் அறுவடைக்கு இரண்டு பேருக்கு 4 உணவு. கையில் 2 இருப்பதால் ஒரு கூலி வேலை போதும். மேலே சொன்ன வரிசையில் முதல் இரண்டு சுற்றுகளின் இரண்டாவது ஆட்களில் ஒன்று அதற்குப் போகட்டும், மற்றது இலவசமாக இறக்கும் முதல் தொழில் அட்டைக்கு. மீன்பிடிக் கட்டத்தில் 3 உணவு சேரும் வரை கூலி வேலையைவிட அது மேலானதல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். ஆனால் 7-ஆம் சுற்றில் பிள்ளையோடு சேர்த்து 6 உணவு வேண்டும், அதே சுற்றில் பிறந்திருந்தால் 5. இதைக் கூலி வேலையால் மட்டும் ஈடுகட்டினால் மூன்று ஆக்‌ஷன் போய்விடும், குழந்தையால் வந்த லாபம் அதிலேயே கரையும். ஒரு உணவு குறைந்தாலும் பிச்சை அட்டை ஒன்றுக்கு 3 புள்ளி போகும், அதாவது ஒரு பிள்ளையின் புள்ளி முழுவதும்.

இங்கேதான் களிமண்ணும் ஆடும் கைகொடுக்கும். முதல் அடுப்பு 2 களிமண், இரண்டாவது அடுப்பு 3. அடுப்பு இருந்தால் ஒரு ஆட்டை எப்போது வேண்டுமானாலும் 2 உணவாக மாற்றலாம். ஆட்டுக் கட்டம் முதல் நான்கு சுற்றுகளில் ஒன்றில் திறந்து, சுற்றுக்கு ஒரு ஆடு சேரும். அடுப்போ வேலியோ தொழுவமோ இல்லாத வரை யாராலும் அந்த ஆடுகளை வைத்துக்கொள்ள முடியாது. வீட்டுக்குள் ஒன்று வைக்கலாம், அவ்வளவுதான். ஆகவே அது போட்டியில்லாமல் குவியும். இரண்டாம் சுற்றில் திறந்திருந்தால் 5-ஆம் சுற்றில் 4 ஆடு, அடுப்போடு சேர்த்தால் 8 உணவு. ஒரே ஆளில் ஒரு அறுவடை முழுக்க முடிந்தது. ஆனால் இந்தக் காத்திருப்பு பாதுகாப்பானது எதிராளியிடம் அடுப்பு வரும் வரை மட்டுமே. அவர் களிமண் எடுப்பதைக் கண்டதும், அடுப்பு வாங்கும் பெரிய மேம்பாட்டுக் கட்டம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தால் ஆடு அடுத்த சுற்றில் உங்களுக்கு இருக்காது என்று எடுத்துக்கொள்ளலாம். குவியும் எந்தக் கட்டத்துக்கும் இதே சோதனைதான். எவ்வளவு குவிந்திருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. அதை இந்த நிமிடம் பயன்படுத்தக்கூடியவர்கள் எத்தனை பேர் என்பதே முதல் கேள்வி.

தடுப்பதற்காக மட்டும் ஆளை வைப்பது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முறையில் தோற்றவர்கள் அடுத்து அதைத்தான் முயல்வார்கள். அறை கட்டும் அதே கட்டத்தில் 2 மரத்துக்கு ஒரு தொழுவமும் கட்டலாம். உங்களால் அறை கட்ட முடியாத நான்காம் சுற்றில், அவர் கட்டாமல் இருக்க முதல் ஆளால் அங்கே ஒரு தொழுவம் கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். உங்கள் மரம் 6-லிருந்து 4 ஆகிறது. நாணலை அவர் எடுத்துவிடுகிறார், அவரிடம் மூன்று ஆகிறது. அவர் அடுத்த சுற்றில் கட்டுவார். உங்களுக்கோ மரமும் போதாது, நாணலும் போதாது. அவருக்கு ஒரு சுற்றுத் தாமதம், உங்களுக்கு இரண்டு. தடுப்பு செல்லும் இடம், அந்தக் கட்டம் உங்களுக்கும் முதலிலோ இரண்டாவதாகவோ தேவைப்படுகிற இடம் மட்டும். மூன்றாம் சுற்றில் நாணலை எடுத்தீர்களே, அது அப்படிப்பட்டது: உங்களுக்கும் வேண்டும், அவர் எடுத்தால் உங்களுக்குக் கேடு.

இதுவரை சொன்னது இரண்டு பேருக்கான கணக்கு. நான்கு பேர் ஆடும்போது டோக்கனின் விலை அதே ஒரு ஆக்‌ஷன்தான், ஆனால் மதிப்பு ஏறிவிடுகிறது. குடும்பக் கட்டத்தில் சுற்றுக்கு ஒருவருக்குத்தான் இடம். எல்லாரிடமும் அறை இருந்தால் நான்காமவர் மூன்று சுற்று தள்ளிப்போவார், இழப்பு மூன்று ஆக்‌ஷன். அங்கே டோக்கனுக்கு ஆளைக் கொடுப்பது எளிதாக நியாயமாகும். முறை இடப்பக்கமாகச் செல்வதால், அடிக்கடி டோக்கனை எடுப்பவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் ஒன்றும் கொடுக்காமலே இரண்டாவது இடத்தைப் பெறுகிறார். நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் அவரோடு டோக்கனுக்குப் போட்டியிடாதீர்கள்.

வேறு விளையாட்டுகளுக்கு இதை அப்படியே கொண்டுபோகவும் கூடாது. ஸ்டோன் ஏஜில் தொடக்க முறை சுற்றுக்குச் சுற்று தானாக அடுத்தவருக்கு மாறும், அதை வாங்க வேண்டிய பேச்சே இல்லை. குடும்பம் பெருக்கும் குடிசை முதல் சுற்றிலிருந்தே திறந்திருக்கிறது, அதற்கு அறை வேண்டாம், இரண்டு ஆட்களை அனுப்பினால் போதும். இரண்டு, மூன்று பேர் ஆடும்போது குடிசை, வயல், கருவி ஆகிய மூன்றில் இரண்டில்தான் ஒரு சுற்றில் ஆள் இருக்கலாம். அங்கே கணக்கு "மூன்றில் எது மூடப்படும்" என்பதைச் சுற்றி ஓடும். மாறாமல் பொருந்துவது ஒன்றுதான்: என் முறை திரும்பி வரும்போது எது மிச்சம் இருக்கும் என்ற கேள்வி.

கடைசியாகக் கையில் இருக்கும் அட்டைகள். மேலே போட்ட வரிசையில் மரம், நாணல், உணவு எண்ணிக்கைகள் இரண்டு பேர் ஆடும் எல்லா ஆட்டத்திலும் உண்மை. தம்பி எப்படிப் பதில் ஆடுவார் என்பதும், அட்டைகள் எதைத் திருப்பிப்போடும் என்பதும் என் அனுமானம்தான். நாணலை வேறு வழியில் தரும் அட்டை ஒன்று அவரிடம் இருந்தால் மூன்றாம் சுற்றின் இழுபறியே இருக்காது. உங்களிடம் நல்ல தொழில் அட்டை இருந்தாலும் அதைக் காட்டுக்கு முன்னால் இறக்கலாமா என்பதை எண்ணித்தான் முடிவு செய்ய வேண்டும். எடுத்துக்காட்டாக, மரம் எடுக்கும்போதெல்லாம் கூடுதலாக 1 மரம் தரும் அட்டை. முதல் ஆளால் அதை இறக்கினால், காட்டின் 3 மரத்தைத் தம்பி எடுத்துக்கொள்வார். முதலில் காட்டுக்குப் போய், இரண்டாவது ஆளால் இறக்கினால், முதல் எடுப்பில் கிடைத்திருக்க வேண்டிய ஒரு கூடுதல் மரம் மட்டும் போகும். 3 மரமா 1 மரமா என்றால் விடை தெளிவு. தொழில் அட்டைக் கட்டத்துக்கு அவர் முந்திக்கொண்டாலும், அது அடுத்த சுற்றில் அதே விலைக்கு அங்கேயே இருக்கும்.

அடுத்த முறை ஆடும்போது ஒன்று மட்டும் செய்து பாருங்கள். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் தம்பியிடம் எத்தனை நாணல் இருக்கிறது என்று பாருங்கள், பிறகு அந்தச் சுற்றில் கடைசி ஆளை யார் வைக்கப்போகிறார் என்று எண்ணுங்கள். அவரிடம் 2 நாணலும் கடைசி ஆளும் இருந்தால், டோக்கன் அன்று கைமாறும் என்று எதிர்பார்த்து அடுத்த சுற்றைத் திட்டமிடுங்கள்.